எண்களை ஒட்டி மிகப்பெரிய எண் ஆக்குவது: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சில எண்கள் கையில் இருக்கின்றன. அவற்றை ஏதாவதொரு வரிசையில் ஒன்றின் பின் ஒன்றாக ஒட்டி எழுத வேண்டும். கிடைக்கும் நீளமான எண் முடிந்தவரை பெரிதாக இருக்க வேண்டும். எந்த எண்ணையும் விடக்கூடாது, உடைக்கவும் கூடாது. நிரல் எழுதப் பழகுகிறவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்கும்போதெல்லாம் ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பக்கத்தின் பெரும்பகுதியிலும் ஒரே எடுத்துக்காட்டுதான்: 8, 82, 828, 823, 80, 9.

பெரிய எண்ணிலிருந்து சிறிய எண் வரை இறங்குவரிசையில் அடுக்கினால் போதாதா?

போதாது. நம் ஆறு எண்களை அப்படி அடுக்கினால் 828, 823, 82, 80, 9, 8 என்று வரும். ஒட்டினால் 828823828098. இதில் 9 எங்கே கிடக்கிறது என்று பாருங்கள், கடைசிக்கு முந்தைய இடத்தில். அதைத் தூக்கி முன்னால் வைத்தாலே முதல் இலக்கம் 8-இலிருந்து 9 ஆகிவிடும்.

எண்களை எந்த வரிசையில் ஒட்டினாலும் மொத்த இலக்கங்கள் மாறுவதில்லை. இங்கே எப்போதும் 12 இலக்கங்கள்தான். நீளம் ஒன்றே என்றால் இடப்பக்கம் பெரிய இலக்கம் வைத்திருப்பதே பெரிய எண். 828 என்பது 9-ஐவிடப் பெரியது என்ற செய்தியால் இங்கே ஒரு பயனும் இல்லை, ஏனென்றால் 828 பெரிதாக இருப்பது மூன்று இலக்கங்கள் இருப்பதால்தான். அந்த நீளம் எந்த வரிசையிலும் நமக்குக் கிடைத்துவிடுகிறது.

அப்படியானால் எண்களைச் சரங்களாக மாற்றி, அகராதி வரிசையைத் தலைகீழாக எடுத்தால்?

சரம், அதாவது ஸ்ட்ரிங் ஆக்குவது சரியான திசைதான். இடமிருந்து இலக்கம் இலக்கமாக ஒப்பிடும்போது 9 முன்னால் வந்துவிடும். வரிசை 9, 828, 823, 82, 80, 8 ஆகும். ஒட்டினால் 982882382808. முந்தையதைவிட எவ்வளவோ மேல், ஆனாலும் விடை இதுவல்ல.

கோளாறு எங்கே என்றால், ஒரு சரம் இன்னொன்றின் தொடக்கமாகவே அமைந்துவிடும் இடத்தில். 8 என்பது 82-இன் தொடக்கம், 82 என்பது 828-இன் தொடக்கம். அகராதியில் குட்டைச் சொல் முடிந்துவிட்டால் அதுவே சிறியது என்பது விதி. அகராதியில் ஒரு சொல் முடிந்தால் அதன்பின் வெற்றிடம். நம் கணக்கிலோ ஒரு எண் முடிந்த இடத்தில் அடுத்த எண் வந்து உட்காருகிறது. 8-க்குப் பின்னால் வெற்றிடம் இல்லை, 82 நிற்கிறது. அதனால் 8-ஐ முன்னால் வைத்தால் 882, பின்னால் வைத்தால் 828. அகராதி 82-ஐ முன்னால் வை என்கிறது, உண்மையோ நேர்மாறு.

‘குட்டையானதை முன்னால் வை’ என்று விதியைத் திருப்பிவிட்டால் தீருமா என்று உடனே கேட்பார்கள். தீராது. 82-ஐயும் 828-ஐயும் ஒட்டிப் பாருங்கள். 82 முன்னால் என்றால் 82828, 828 முன்னால் என்றால் 82882. இங்கே நீளமானது முன்னால் வர வேண்டும். ஆக, நீளத்தை வைத்து எந்தப் பக்கமும் விதி போட முடியாது.

ஒட்டிப் பார்த்து ஒப்பிடுவது என்கிறீர்களே, படிப்படியாக என்ன நடக்கிறது?

இரண்டு எண்களில் எது பெரியது என்று கேட்பதை விட்டுவிடுகிறோம். அதற்குப் பதிலாக, a-ஐ முன்னால் வைத்து ஒட்டினால் வரும் சரமும் b-ஐ முன்னால் வைத்து ஒட்டினால் வரும் சரமும், இரண்டில் எது பெரியது என்று கேட்கிறோம். ஒப்பீட்டுச் சார்பின் வேலை இது ஒன்றுதான். மற்றதை வழக்கமான வரிசைப்படுத்தும் நிரலே பார்த்துக்கொள்ளும்.

நம் பட்டியலில் ஒவ்வோர் எண்ணாக எடுத்து உரிய இடத்தில் செருகிப் பார்ப்போம். முதலில் 8 மட்டும். அடுத்து 82: 882, 828-ஐவிடப் பெரியது, ஆகவே 8-க்குப் பின்னால் 82. அடுத்து 828: மேலே பார்த்தபடி 82-க்கு முன்னால் வர வேண்டும். ஆனால் 8-ஐத் தாண்ட முடியாது, ஏனென்றால் 8828 என்பது 8288-ஐவிடப் பெரியது. இப்போது வரிசை 8, 828, 82. அடுத்து 823: 82823-உம் 82382-உம் மோதுகின்றன, முன்னது பெரியது, ஆகவே 823 பின்னாலேயே நிற்கிறது. 80: 82380, 80823-ஐ வெல்வதால் இதுவும் கடைசியில். கடைசியாக 9, எல்லாரையும் தாண்டி முன்னால் போகிறது.

முடிவான வரிசை 9, 8, 828, 82, 823, 80. ஒட்டினால் 988288282380. பைத்தானில் முழு நிரலும் இவ்வளவுதான்:

```python
from functools import cmp_to_key

def compare(a, b):
    if a + b > b + a:
        return -1
    if a + b < b + a:
        return 1
    return 0

def largest(nums):
    s = sorted(map(str, nums), key=cmp_to_key(compare))
    return "0" if s[0] == "0" else "".join(s)
```

பட்டியலில் ஓர் எண்ணாவது இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதியது இது.

a + b, b + a இரண்டையும் சரமாகவே ஒப்பிடுகிறோம். இங்கே மட்டும் அகராதி முறை எப்படிச் சரியாகிறது?

இரண்டுக்கும் நீளம் ஒன்றே என்பதால். a-இன் இலக்கங்களும் b-இன் இலக்கங்களும் இரண்டு பக்கமும் இருக்கின்றன, இடம்தான் மாறியிருக்கிறது. சம நீளமுள்ள இரண்டு இலக்கச் சரங்களை அகராதி முறையில் ஒப்பிடுவதும் எண்களாக ஒப்பிடுவதும் ஒன்றுதான். முந்தைய பதிலில் தொல்லை கொடுத்த ‘ஒன்று முடிந்துவிட்டது, மற்றது நீள்கிறது’ என்ற நிலை இங்கே வரவே வராது.

எண்ணாக மாற்றி ஒப்பிட்டாலும் விடை மாறாது. ஆனால் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 32 பிட் முழு எண்ணின் உச்சம் 2147483647, பத்து இலக்கங்கள். ஆறு இலக்க எண்கள் இரண்டை ஒட்டினாலே அது கொள்ளாது. 64 பிட்டுக்கு உச்சம் 9223372036854775807, அதாவது 19 இலக்கங்கள். பத்து இலக்க எண்கள் இரண்டை ஒட்டினால் 20 இலக்கங்கள் ஆகி அதுவும் வழிந்துவிடும். சரமாகவே வைத்துக்கொண்டால் இந்தக் கவலை இல்லை.

இரண்டிரண்டாகப் பார்த்தால் மொத்த வரிசையும் சரியாக அமைந்துவிடும் என்று எப்படி நம்புவது?

பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு எண்களை இடம் மாற்றினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். 9, 8, 82, 828, 823, 80 என்று ஒருவர் அடுக்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஒட்டினால் 988282882380. இதில் 82, 828 இரண்டை மட்டும் மாற்றினால் 988288282380. முன்னால் இருக்கும் 98-உம் பின்னால் இருக்கும் 82380-உம் அப்படியே இருக்கின்றன, இடம்கூட நகரவில்லை. நடுவில் உள்ள ஐந்து இலக்கங்கள்தான் 82828-இலிருந்து 82882 ஆகின. ஆகவே அந்த நடுத்துண்டு பெரிதானால் மொத்த எண்ணும் பெரிதாகும். ஒப்பீட்டுச் சார்பு கேட்பது அந்த நடுத்துண்டைப் பற்றித்தான்.

இனி, ஓர் அடுக்கு நம் ஒப்பீட்டின்படி வரிசையாக இல்லை என்றால், அதில் எங்காவது பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் ஒரு சோடி தவறாக நிற்கத்தான் வேண்டும். அதை மாற்றினால் எண் பெரிதாகும். அப்படியானால் அந்த அடுக்கு விடையாக இருக்க முடியாது. எந்த மாற்றமும் இனிப் பெரிதாக்காது என்ற நிலைதான் விடை, அந்த நிலை வரிசைப்படுத்திய நிலையேதான்.

ஆனால் இந்த வாதத்துக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. அடுத்த கேள்வி அதைத்தான் பிடிக்கிறது.

a, b-ஐ முந்துகிறது. b, c-ஐ முந்துகிறது. அப்போது a, c-ஐ முந்தும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

கேட்பவர்கள் குறைவு, கேட்க வேண்டிய கேள்வி இதுதான். கல், காகிதம், கத்தரி விளையாட்டில் ஒன்றை ஒன்று வென்று வட்டமாகச் சுற்றுவதுபோல இங்கேயும் சுற்றினால், ‘வரிசை’ என்ற சொல்லுக்கே பொருள் இருக்காது. வரிசைப்படுத்தும் நிரல் எல்லாச் சோடிகளையும் பார்ப்பதில்லை. a, b-ஐ முந்தியது, b, c-ஐ முந்தியது என்று தெரிந்தால் a-ஐயும் c-ஐயும் பார்க்காமலே விட்டுவிடும்.

நல்லவேளையாக, சுற்றாது என்பதை மூன்றே வரியில் காட்டிவிடலாம். a-க்கு p இலக்கங்கள், b-க்கு q இலக்கங்கள் என்று கொள்வோம். ஒட்டுவது என்றால் முன்னதைப் பத்தின் அடுக்கால் பெருக்கிப் பின்னதைக் கூட்டுவது:

```
a·10^q + b  >  b·10^p + a
a·(10^q − 1)  >  b·(10^p − 1)
a/(10^p − 1)  >  b/(10^q − 1)
```

கடைசி வரியை நிதானமாகப் பாருங்கள். இடப்பக்கம் a-ஐயும் அதன் நீளத்தையும் தவிர வேறொன்றும் இல்லை. வலப்பக்கம் b மட்டும். சோடியாக ஒட்டிப் பார்த்தது போலத் தோன்றினாலும், உண்மையில் ஒவ்வோர் எண்ணுக்கும் அதற்கே சொந்தமான ஒரு மதிப்பெண் இருக்கிறது, அதைத்தான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். மதிப்பெண்களை ஒப்பிட்டால் வட்டமாகச் சுற்ற வழியே இல்லை.

அந்த மதிப்பெண் என்ன என்று பார்த்தால் இன்னும் அழகு. 82-ஐ 99-ஆல் வகுத்தால் 0.828282… 828-ஐ 999-ஆல் வகுத்தால் 0.828828… அதாவது எண்ணை முடிவில்லாமல் திரும்பத் திரும்ப எழுதினால் வரும் தசமம். நம் ஆறு எண்களுக்கும் எழுதிப் பாருங்கள்: 9-க்கு 0.999…, 8-க்கு 0.888…, 828-க்கு 0.828828…, 82-க்கு 0.828282…, 823-க்கு 0.823823…, 80-க்கு 0.808080… இறங்குவரிசை தானாகவே வந்துவிட்டது. 9-இன் மதிப்பெண் சரியாக 1 ஆகிவிடுகிறது, அதனால் ஒன்றும் கெடுவதில்லை.

குட்டையான எண்ணின் பின்னால் ஏதாவது இலக்கம் போட்டு நீளத்தைச் சமமாக்கி ஒப்பிட்டால் எளிதாக இல்லையா?

எளிதுதான், தவறும்கூட. ஆனால் பல சோதனைகளில் தேறிவிடும் தவறு என்பதால் ஆபத்தானது. 0 போட்டால் 82 என்பது 820 ஆகி 823-க்குப் பின்னால் போய்விடும். உண்மையில் 82 முன்னால் நிற்க வேண்டும். 9 போட்டால் 829 ஆகி 828-ஐ முந்திவிடும், அதுவும் தவறு. கடைசி இலக்கத்தையே திருப்பிப் போட்டால் 822, மறுபடி 823-இடம் தோற்கும்.

முதல் இலக்கத்தைப் போடுவது இருப்பதிலேயே சாமர்த்தியமான முயற்சி. 82 என்பது 828 ஆகும், 823-ஐச் சரியாக முந்தும். 828-உடன் சமன் ஆகிவிடும். சமன் ஆனால் இரண்டும் உள்ளீட்டில் இருந்த வரிசையிலேயே நிற்கக்கூடும், அது தற்செயலாகச் சரியாகவும் இருந்துவிடலாம். நீளத்தில் இரண்டு இலக்க வித்தியாசம் வந்தால் குட்டு வெளிப்படும். 82-ஐயும் 8283-ஐயும் எடுங்கள். 82 என்பது 8288 ஆகி வெல்லும். ஒட்டிப் பார்த்தால் 828283, 828382. வெல்ல வேண்டியது 8283. எண் முடிந்த இடத்தில் வர வேண்டியது ஒற்றை இலக்கம் அல்ல, அந்த எண்ணே மறுபடியும்.

அப்படியானால் எண்ணையே திரும்பத் திரும்ப எழுதி, ஒப்பீட்டுச் சார்பு இல்லாமல் வரிசைப்படுத்தலாமா? எவ்வளவு நீளம் வரை எழுத வேண்டும்?

செய்யலாம். முந்தைய கேள்விக்கு முன்பு கண்ட மதிப்பெண்ணை வெட்டி எழுதுவதுதானே அது. நீளம்தான் சிக்கல். பட்டியலில் மிக நீளமான எண்ணின் அளவுக்கு எழுதினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். 82-ஐ மூன்று இலக்கம் வரை எழுதினால் 828. எதிரில் நிற்பதும் 828. பிரித்தறிய முடியவில்லை. நான்காவது இலக்கத்தில்தான் 8282, 8288 என்று பிரிகின்றன.

ஃபைன், வில்ஃப் என்ற இரு கணிதவியலாளர்கள் 1965-இல் நிறுவிய ஒரு தேற்றம் இங்கே அளவைச் சொல்லிவிடுகிறது. p நீளமுள்ள துண்டும் q நீளமுள்ள துண்டும் முடிவில்லாமல் திரும்பும்போது, p + q − (p, q-இன் மீப்பெரு பொது வகுத்தி) என்ற இடம் வரை ஒத்துப்போனால், அதன்பின் எப்போதும் ஒத்துப்போகும். 2-க்கும் 3-க்கும் அது 4. மேலே பிரிந்ததும் சரியாக நான்காவது இடத்தில்தான். ஆகவே நீளமான எண்ணின் இரு மடங்கு வரை எழுதிவிட்டால் கவலை இல்லை. பத்து இலக்க எண்கள் இருந்தால் 20 இலக்கங்கள் வரை.

வகுத்தல் விடையையே மதிப்பெண்ணாக வைக்கலாமே என்றும் கேட்பார்கள். வைக்கலாம், ஆனால் மிதவைப் புள்ளி எண்ணாக வேண்டாம். 64 பிட் மிதவை எண் 15 முதல் 17 இலக்கங்கள் வரைதான் நம்பத்தக்கது, நமக்கு 20 வரை தேவைப்படக்கூடும். பைத்தானின் `Fraction` போன்ற துல்லியமான பின்னம் என்றால் சரி.

ஒட்டிப் பார்த்து இரண்டும் சமமாக வந்தால் எதை முன்னால் வைப்பது?

எதை வேண்டுமானாலும். 82-உம் 8282-உம் எப்படி ஒட்டினாலும் 828282 தான். சமம் வருவது இப்படி இரண்டும் ஒரே துண்டின் மடங்குகளாக இருக்கும்போது மட்டுமே. சமமானவை எத்தனை இருந்தாலும் அவற்றின் மதிப்பெண் ஒன்று, ஆகவே அவை பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். அவற்றை எப்படிக் கலைத்தாலும் விடை மாறாது.

பைத்தானில் ஒப்பீட்டுச் சார்பு எழுதினேன், பட்டியல் இம்மியும் அசையவில்லை. ஏன்?

பெரும்பாலும் நீங்கள் `return a + b < b + a` என்று எழுதியிருப்பீர்கள். அது தருவது `True` அல்லது `False`, அதாவது 1 அல்லது 0. `cmp_to_key` எதிர்பார்ப்பது எதிர்மம், பூஜ்யம், நேர்மம் என மூன்று விடைகள். வரிசைப்படுத்தும்போது அது பார்ப்பது விடை 0-ஐவிடக் குறைவா என்பதை மட்டுமே. உங்கள் சார்பு ஒருபோதும் எதிர்ம எண்ணைத் தராததால், ‘இது அதற்கு முன்னால்’ என்று யாரும் சொல்லவில்லை என்று எடுத்துக்கொண்டு பட்டியலை அப்படியே திருப்பித் தருகிறது. பிழைச் செய்தியும் வராது. முன்பு தந்த நிரலில் மூன்று `return` இருப்பது இதனால்தான்.

ஜாவாவில் `(b + a).compareTo(a + b)` என்று எழுதினால் மூன்று விடைகளும் தானாகவே கிடைத்துவிடும். b முன்னால் இருப்பதைக் கவனியுங்கள், இறங்குவரிசை வேண்டும் என்பதால்.

சி++ இல் >= போட்டேன். சிறிய பட்டியலில் சரியாக வந்தது, பெரியதில் நிரலே விழுந்துவிட்டது. சமம் வந்தால் கவலை இல்லை என்றீர்களே?

விடைக்குக் கவலை இல்லை என்றேன், `std::sort`-க்கு உண்டு. ‘a, b-க்குக் கண்டிப்பாக முன்னால் வர வேண்டுமா?’ என்பதுதான் அது கேட்கும் கேள்வி. சமமான இரண்டில் a முன்னால் என்றும் b முன்னால் என்றும் இரண்டுக்கும் ‘ஆம்’ சொன்னால் நிபந்தனை முறிகிறது. அதன்பின் என்ன நடந்தாலும் மொழி பொறுப்பேற்காது.

நடப்பது இதுதான். பட்டியலைப் பிரிக்கும்போது ஒரு நடுவெண்ணை வைத்துக்கொண்டு, அதைவிட முன்னால் வர வேண்டியவற்றைத் தாண்டித் தாண்டி நிரல் நகரும். நடுவெண்ணையோ அதற்குச் சமமானதையோ கண்டால் நிற்கலாம் என்ற நம்பிக்கையில் எல்லையைச் சரிபார்க்காமலே ஓடும். `>=` போட்டால் சமமானவையும் ‘முன்னால்’ ஆகிவிடுவதால் நிற்க இடமில்லாமல் பட்டியலுக்கு வெளியே போய்விடும். ஜி.சி.சி. தரும் நூலகத்தில் 16 உறுப்புகள் வரை இந்தப் பிரிக்கும் வேலை நடப்பதில்லை, செருகி அடுக்கும் முறையே போதும் என்று விட்டுவிடுகிறது. உங்கள் சிறிய பட்டியல் பிழைத்தது அதனால்தான். நானும் ஒரு காலத்தில் இதே `>=` ஐப் போட்டுவிட்டு, நினைவக ஒதுக்கீட்டில் கோளாறு என்று ஒரு மாலை முழுவதும் வேறெங்கோ தேடிக்கொண்டிருந்தேன். அந்த `=` ஐ மட்டும் எடுத்துவிடுங்கள்:

```cpp
sort(s.begin(), s.end(), [](const string& a, const string& b) {
    return a + b > b + a;
});
```

எல்லாம் பூஜ்யமாக இருந்தால் 0000 என்று வருகிறது. கடைசியில் int ஆக மாற்றினால் போதுமா?

முதல் உறுப்பு "0" தானா என்று பார்த்தாலே போதும். பூஜ்யத்தின் மதிப்பெண் 0, அதைவிடக் குறைந்தது இல்லை. இறங்குவரிசையில் அதுவே முதலில் நிற்கிறது என்றால் மற்றவையும் பூஜ்யங்களே. முழுவிடையையும் எண்ணாக மாற்றுவது வீண் வேலை. பைத்தான் 3.11 முதல் 4300 இலக்கங்களுக்கு மேற்பட்ட சரத்தை `int` ஆக மாற்ற முயன்றால் `ValueError` வரும். பெரிய பட்டியலில் அந்த அளவைத் தொடுவது ஒன்றும் அரிதல்ல.

மிகச்சிறிய எண் வேண்டுமென்றால் குறியைத் திருப்பினால் போதுமா? முதலில் பூஜ்யம் வரக்கூடாது என்று நிபந்தனை.

பட்டியலில் பூஜ்யம் இல்லை என்றால் போதும். பூஜ்யம் இருந்தால் அது முன்னால் வந்து நிற்கும், அங்கேதான் ஒரு பள்ளம் இருக்கிறது. ஏறுவரிசையில் அடுக்கி, பூஜ்யம் அல்லாத முதல் எண்ணைத் தூக்கி எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்துவிடலாம் என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது.

0, 12, 121 என்ற மூன்றை எடுங்கள். 12112 என்பது 12121-ஐவிடச் சிறியது, ஆகவே ஏறுவரிசை 0, 121, 12. அந்த யோசனைப்படி 121-ஐ முன்னால் கொண்டுவந்தால் 121012. ஆனால் 12-ஐ முன்னால் வைத்தால் 120121. இதுதான் சிறியது. 121 முன்னால் வர வேண்டும் என்ற தீர்ப்பு, அதன் பின்னால் 12 நிற்கும்போது சொன்ன தீர்ப்பு. இப்போது பின்னால் நிற்பது பூஜ்யம். பூஜ்யம் சீக்கிரம் வருவதே நல்லது என்பதால் குட்டையான 12 வென்றுவிடுகிறது. பூஜ்யம் அல்லாத ஒவ்வோர் எண்ணையும் ஒருமுறை முதலில் வைத்து, மற்றவற்றை ஏறுவரிசையிலேயே பின்னால் ஒட்டி, வரும் விடைகளில் சிறியதை எடுப்பதுதான் பாதுகாப்பான வழி. முதல் எண் முடிவாகிவிட்டால் மீதிக்கு முன்பு சொன்ன இடமாற்ற வாதம் அப்படியே பொருந்தும்.

எல்லாவற்றையும் ஒட்ட வேண்டாம், k எண்களை மட்டும் தேர்ந்தெடுக்கலாம் என்றால், வரிசைப்படுத்தி முதல் k-ஐ எடுக்கலாமா?

கூடாது. 9, 8, 828 இவற்றில் இரண்டு என்றால் அந்த முறை 98 தரும். 9-ஐயும் 828-ஐயும் எடுத்தால் 9828. மொத்த நீளம் மாறாது என்று முதல் பதிலில் சொன்னது இங்கே உடைந்துபோகிறது, ஆகவே நீளமே முதலில் வருகிறது. இலக்கங்கள் அதிகமுள்ளவற்றை முதலில் எடுங்கள். சம நீளமுள்ளவற்றில் மதிப்பால் பெரியவற்றை எடுங்கள். இப்படி k எண்கள் கையில் வந்தபின்தான் ஒட்டிப் பார்க்கும் ஒப்பீட்டுக்கு வேலை.

ஒவ்வொரு முறையும் சரங்களை ஒட்டுவது மெதுவாகாதா?

n எண்களுக்கு ஏறத்தாழ n log n ஒப்பீடுகள், ஒவ்வொன்றிலும் இரண்டு எண்களின் நீளம் அளவுக்கு வேலை. எண்கள் பத்து இலக்கத்துக்குள் இருக்கும்போது இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஒவ்வோர் ‘எண்ணும்’ ஆயிரக்கணக்கான இலக்கங்கள் கொண்டது என்றால், புதிய சரம் உருவாக்காமல் இரண்டையும் இலக்கம் இலக்கமாக நடந்து ஒப்பிடும் சிறு சுற்று ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள்.

என் நிரல் சரியா என்று எப்படிச் சோதிப்பது? ஆயிரக்கணக்கான தற்செயல் எண்களைக் கொடுத்தேன், எல்லாம் சரியாக வந்தது.

தற்செயல் எண்கள் என்றால் 1 முதல் நூறு கோடி வரை எடுத்திருப்பீர்கள். அப்படி எடுத்தால் அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஒன்பது இலக்க எண்களாகவே இருக்கும், ஒன்று இன்னொன்றின் தொடக்கமாக அமைவது அபூர்வம். தவறான முறைகள் பலவும் அங்கே தப்பித்துவிடும். மேலே பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை வெளிப்பட்டது 82, 828, 8283 போன்ற இடங்களில்தான்.

ஆகவே இலக்கங்களைக் கஞ்சத்தனமாகக் கொடுங்கள். 0, 1, 2 என்ற மூன்று இலக்கங்களை மட்டும் வைத்து, ஒன்று முதல் நான்கு இலக்கம் வரையுள்ள எண்களில் ஆறை எடுங்கள். பூஜ்யத்தைத் தனி எண்ணாக விடலாம், மற்ற எண்கள் பூஜ்யத்தில் தொடங்க வேண்டாம். ஆறு எண்களை 720 விதமாக அடுக்கலாம். அத்தனையையும் ஒட்டிப் பார்த்து மிகப்பெரியதைக் கண்டுபிடித்து, உங்கள் விடையோடு ஒப்பிடுங்கள். எல்லா அடுக்குகளுக்கும் நீளம் ஒன்றே என்பதால் சரமாகவே ஒப்பிடலாம். இதைச் சில ஆயிரம் முறை ஓட்டிப் பாருங்கள். முதல் இலக்கத்தை ஒட்டும் முறையைப் பயன்படுத்தியிருந்தால் அது இங்கே மாட்டிக்கொள்ளும். `>=` மட்டும் இதில் சிக்காது, ஆறு என்பது 16-க்குள் அடங்கிவிடுகிறதே. அதற்குத் தனியாக, ஒரே எண் நூறு முறை வரும் பட்டியல் ஒன்றைக் கொடுங்கள்.